படம் முந்துகிறது, குரல் பிந்துகிறது
கல்விப் படங்களுக்குத் தமிழில் பின்னணிக் குரல் எழுதும் முறை



மலாக்கா மாநிலத்தில் ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ் வட்டாரங்களில் உள்ள தமிழ்ப்பள்ளிகளுக்கு ஒளிப்படக் கல்வி புதிதன்று. 2003ஆம் ஆண்டில் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் கொள்கை நடைமுறைக்கு வந்தபோது, ஆசிரியர்களுக்கு மடிக்கணினி, ஒளிப்பெருக்கி, பாடங்கள் அடங்கிய குறுந்தட்டு எல்லாம் வந்து சேர்ந்தன. படமும் ஆங்கிலம், குரலும் ஆங்கிலம். அந்தக் கொள்கையைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டது. அதன் பிறகு தமிழ்ப்பள்ளிகளில் இவ்விரு பாடங்களும் படிப்படியாகத் தமிழுக்குத் திரும்பின. ஆனால் உலகில் கிடைக்கும் நல்ல கல்விப் படங்களில் பெரும்பாலானவை இன்றும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன.

ஆங்கிலப் படத்தை ஓடவிட்டு, அருகில் நின்று தமிழில் விளக்கும் ஆசிரியருக்கு ஒரு வசதி உண்டு. சொல்ல வேண்டியது நீண்டுவிட்டால் படத்தை நிறுத்தி வைக்கலாம். பதிவு செய்யப்பட்ட குரலுக்கு அந்த வசதி இல்லை. படம் தன் போக்கில் ஓடிக்கொண்டிருக்கும். குரல் அதற்குள் சொல்லி முடிக்க வேண்டும். பின்னணிக் குரலுக்கு மொழிபெயர்ப்பவரின் சிக்கல் முழுவதும் இங்கேதான் தொடங்குகிறது.

ஆங்கில வசனத்தைப் பிழையில்லாமல் தமிழாக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று பலரும் எண்ணுகிறார்கள். காகிதத்தில் அது சரியாகவே இருக்கும். ஒலிப்பதிவுக் கூடத்தில் வாசிக்கும்போதுதான் படம் முடிந்த பிறகும் வாக்கியம் முடியாமல் தொங்குவது தெரியவரும். உடனே, "கொஞ்சம் வேகமாக வாசியுங்கள்" என்று வாசிப்பாளரிடம் சொல்லப்படும். அதுதான் தவறான மருந்து. வேகமாக வாசித்தால் கடைசியில் வரும் வினைச்சொல் விழுங்கப்படும். தமிழில் வாக்கியத்தின் உயிர் அந்த வினைச்சொல்லில்தான் இருக்கிறது.

விநாடிக் கணக்கு

முதலில் அளவு தெரிய வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு நிமிடத்திற்கு இத்தனை சொல் என்று கணக்கிடுவார்கள். தமிழுக்கு அந்தக் கணக்கு உதவாது. 'வா' என்பதும் ஒரு சொல், 'தொடங்கிவிடுகின்றனர்' என்பதும் ஒரு சொல். ஆகவே எழுத்தை எண்ண வேண்டும். அதிலும் புள்ளி வைத்த மெய்யெழுத்தை விட்டுவிட்டு, உயிரையும் உயிர்மெய்யையும் மட்டும் எண்ண வேண்டும். 'வெட்டு' என்பதில் 'வெ', 'டு' என இரண்டு. 'பால்' என்பதில் ஒன்று. கட்டளைக் கலித்துறை எழுதிய புலவர்கள் ஒற்றை நீக்கி எழுத்தெண்ணிப் பாடிய அதே முறைதான் இது.

வாசிப்பாளர் ஒருவர் மாணவர்களுக்கு வாசிக்கும் நிதானத்தில் ஒரு நிமிடம் வாசிக்கட்டும். எத்தனை எழுத்து வாசித்தார் என்று எண்ணி அறுபதால் வகுத்தால் அவருடைய வேகம் கிடைத்துவிடும். இந்த உரையில் கணக்கு எளிதாக இருக்கட்டும் என்பதற்காக, விநாடிக்கு 5 எழுத்து வாசிக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆறு விநாடிப் படத்திற்கு அவரிடம் 30 எழுத்து இருக்கிறது. ஆனால் முப்பதையும் செலவழிக்கக் கூடாது. புதிய படம் வந்ததும் கண்ணுக்கு அரை விநாடி கொடுக்க வேண்டும். முடிவில் மூச்சுக்கு இன்னோர் அரை விநாடி வேண்டும். மீதி 25 எழுத்துதான்.

இது மதிப்பீடு மட்டுமே. 'வலம்', 'மேலே' இரண்டிலும் எண்ணிக்கைக்கு இரண்டு எழுத்துதான். மாத்திரை பார்த்தால் முன்னது இரண்டரை, பின்னது நான்கு. நெடில் நிறைந்த வாக்கியம் எண்ணிக்கையைவிட நீளும். அதனால் எழுதும்போது எழுத்தெண்ணிக்கை, எழுதி முடித்த பின் கைத்தொலைபேசியில் உள்ள நிறுத்தற்கடிகாரம். இரண்டும் வேண்டும்.

ரப்பர் தோட்டத்தில் 28 விநாடி

மலாக்காவுக்குப் பொருத்தமான பாடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1896இல் டான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வணிக நோக்கில் ரப்பர் நடப்பட்டதன் தொடக்கம் அதுவே. அந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்குப் பால் வெட்டும் முறையைக் காட்டும் 28 விநாடி ஆங்கிலப் படம் ஒன்று வந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஐந்து காட்சிகள்.

முதல் காட்சி ஆறு விநாடி. முதல் மூன்று விநாடியில் இருட்டு, தொழிலாளியின் தலையில் விளக்கு. அடுத்த மூன்று விநாடியில் உச்சி வெயில், மெதுவாகச் சொட்டும் பால். ஆங்கில வசனம், விடியுமுன் வேலை தொடங்குவதை முதலில் சொல்லி, 'ஏனெனில்' என்று இணைத்து, காரணத்தைப் பின்னால் சொல்கிறது. அதை அப்படியே தமிழாக்கினால் இப்படி வரும்:

"வெயில் ஏறிய பிறகு பால் வடிவது குறைந்துவிடும் என்பதால், தொழிலாளர்கள் சூரியன் உதிப்பதற்கு முன்பாகவே பால் வெட்டத் தொடங்கிவிடுகின்றனர்."

நல்ல தமிழ்தான். எண்ணிப் பாருங்கள், 49 எழுத்து. பத்து விநாடி வேண்டும், இருப்பதோ ஆறு. நீளத்தைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் காரணம் பின்னால் வருகிறது, தமிழில் முன்னால் வருகிறது. எனவே இருட்டுப் படம் ஓடும்போது குரல் வெயிலைப் பற்றிப் பேசுகிறது. வெயில் படம் வந்தபோது விடியற்காலையைப் பற்றிப் பேசுகிறது. கண்ணும் காதும் ஆளுக்கொரு திசையில் போகின்றன.

இதற்கு மருந்து, காரண வாக்கியத்தை இரண்டாக வெட்டுவது:

"விடியும் முன்பே வேலை தொடங்கும். வெயில் ஏறினால் பால் குறையும்."

முதல் வாக்கியம் 10 எழுத்து, இரண்டாவது 9. இரண்டுக்கும் சேர்த்து நான்கு விநாடி போதும். இருட்டுக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று. 'என்பதால்' என்ற இணைப்பு இல்லை. ஆனாலும் இரண்டு வாக்கியமும் அடுத்தடுத்து நிற்பதால் காரணம் மாணவனுக்குத் தானாகவே புரிந்துவிடும். பகலில் இலைகள் நீரை இழக்கின்றன, அதனால் பட்டைக்குள் இருக்கும் அழுத்தம் குறைகிறது என்ற மேல் விளக்கத்தை ஆசிரியர் பிறகு சொல்லிக்கொள்ளலாம். ஆறு விநாடிப் படத்தின் மேல் அதையும் ஏற்றக் கூடாது.

படம் சொல்வதைக் குரல் சொல்ல வேண்டாம்

இரண்டாம் காட்சி ஏழு விநாடி. உளி பட்டையில் இறங்குகிறது. இடப்பக்கம் உயரத்தில் தொடங்கி வலப்பக்கம் தாழ்வாக முடிகிறது. நேர் மொழிபெயர்ப்பு இது:

"பால் வெட்டுபவர் தம் கையிலுள்ள கூர்மையான உளியைப் பயன்படுத்தி மரப்பட்டையில் இடப்பக்கத்தின் மேலிருந்து வலப்பக்கத்தின் கீழ்நோக்கிச் சாய்வாக ஒரு மெல்லிய வெட்டை ஏற்படுத்துகிறார்."

மொத்தம் 60 எழுத்து, 12 விநாடி. 'இடப்பக்கத்தின்' என்ற சொல் 28ஆவது எழுத்தில்தான் தொடங்குகிறது. அதற்குள் ஐந்தரை விநாடி போய்விட்டது. உளி வலப்பக்கத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. மாணவன் காதில் 'இடம்' என்று விழும்போது அவன் கண் வலத்தைப் பார்க்கிறது.

இது சிறிய பிழை போலத் தோன்றலாம். அப்படியன்று. ரப்பர் மரப்பட்டைக்குள் பால் ஓடும் நுண்குழாய்கள் நேராக நிற்பதில்லை. சற்றே ஒருபக்கம் சாய்ந்து மரத்தைச் சுற்றி ஏறுகின்றன. இடம் மேலாகவும் வலம் கீழாகவும் வெட்டினால்தான் அதிகமான குழாய்கள் அறுபட்டு அதிகப் பால் கிடைக்கும். பாடத்தின் சாரமே அந்தத் திசைதான். அதைத் தவறான படத்தின் மேல் வைத்துச் சொன்னால் பாடமே தவறாகிவிடுகிறது.

இந்த வாக்கியத்தில் எதை விடலாம்? பால் வெட்டுபவர் திரையில் நிற்கிறார். அவர் கை தெரிகிறது, உளி தெரிகிறது, மரப்பட்டை தெரிகிறது. பார்ப்பவருக்குத் தெரிவதை மறுபடி காதில் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஐந்து விநாடிச் செலவையும் நீக்கிவிடலாம். மீதி இருப்பது:

"மெல்லிய வெட்டு, இடப்பக்கம் மேலே தொடங்கி, வலப்பக்கம் கீழே சாய்கிறது."

24 எழுத்து. காற்புள்ளியில் நிற்கும் நேரத்தையும் சேர்த்து ஐந்தரை விநாடிக்குள் அடங்கும். உளி மேலே இருக்கும்போது 'மேலே' வருகிறது, கீழே இறங்கும்போது 'கீழே' வருகிறது. சொல்லின் வரிசை உளியின் வழியைப் பின்பற்றுகிறது.

எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்பதற்கு ஓர் எளிய வழி உண்டு. படத்தை ஒலியில்லாமல் ஒருமுறை பார்க்க வேண்டும். பார்த்து முடித்ததும், அந்தப் பாடத்தை அறியாதவர் இதிலிருந்து எதை எதைத் தாமாகவே தெரிந்துகொள்வார் என்று எழுத வேண்டும். அந்தப் பட்டியலில் உள்ளவை குரலுக்குத் தேவையில்லை. பெயர், காரணம், அளவு, எச்சரிக்கை ஆகியவை பெரும்பாலும் படத்தில் தெரிவதில்லை. குரலுக்கு உரியவை அவைதாம்.

மங்கா, கிண்ணமா?

மூன்றாம் காட்சி ஐந்து விநாடி. பால் வழிந்து கிண்ணத்தில் விழுகிறது. இங்கே நீளத்தோடு சொல்லும் ஒரு கேள்வியாகிறது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அது 'மங்கு'. நகரத்துப் பிள்ளைக்கு அது 'கிண்ணம்'. இரண்டுக்கும் எண்ணிக்கை இரண்டெழுத்துதான். ஆகையால் இது இடத்தைப் பற்றிய கேள்வி அன்று, கேட்பவரைப் பற்றிய கேள்வி.

மலாக்காவில் ரப்பர் இருந்த பல இடங்களில் இன்று செம்பனையோ வீடமைப்புப் பகுதியோ இருக்கிறது. பெயரில் தோட்டத்தைத் தாங்கிய பள்ளியில் படிக்கும் பிள்ளை ஒரு பால் மரத்தைக்கூடப் பார்க்காமல் இருக்கலாம். அந்தப் பிள்ளையின் பாட்டி 'மங்கு', 'கட்டிப்பால்', 'கோட்டுப்பால்', 'நிரை' என்றெல்லாம் பேசியவர். அந்தச் சொற்களைப் பாடத்திலிருந்து முழுவதும் தள்ளிவிட்டால், வீட்டில் கேட்டதும் பள்ளியில் படித்ததும் ஒன்றுதான் என்பது பிள்ளைக்குத் தெரியாமலே போகும். ஆகவே முதல்முறை வரும் இடத்தில் மட்டும் இரண்டையும் சொல்லலாம்:

"பால் இறங்கி, மங்கு எனப்படும் கிண்ணத்தில் சொட்டுகிறது."

18 எழுத்து, நான்கு விநாடிக்கும் குறைவு. 'மங்கு எனப்படும்' என்பதற்குச் சற்றே ஒரு விநாடிக்கு மேல் செலவு. 'வெட்டின் வழியே' என்பதை விட்டதால் அந்த விநாடி கிடைத்தது. பால் வெட்டின் வழியே வருவதைத்தான் படம் காட்டிக்கொண்டிருக்கிறதே!

கலைச்சொல்லிலும் இதே கவனம் வேண்டும். தமிழ்நாட்டில் தயாரான அறிவியல் படத்தில் 'கார்பன் டை ஆக்சைடு' என்று வரும். மலேசியத் தமிழ்ப்பள்ளிப் பாடநூலில் அது 'கரிவளி', 'ஆக்சிஜன்' அங்கே 'உயிர்வளி'. மலாக்கா மாணவன் தேர்வில் எழுத வேண்டிய சொல் கரிவளிதான். 'கார்பன் டை ஆக்சைடு' 6 எழுத்து, 'கரிவளி' 4. ஒரு பாடத்தில் பத்து முறை வந்தால் நான்கு விநாடி மிச்சமாகும். அதே நேரத்தில் 'ஆக்சிஜன்' 3 எழுத்து, 'உயிர்வளி' 4. இங்கே கொஞ்சம் கூடுகிறது. எந்த நாட்டு வகுப்பறைக்கு என்பதை முடிவு செய்யாமல் விநாடிக் கணக்கைத் தொடங்க முடியாது என்பதற்காகவே இந்த எடுத்துக்காட்டு.

'கூடாது' தாமதமாக வந்தால்

நான்காம், ஐந்தாம் காட்சிகள் தலா ஐந்து விநாடி. நான்காவதில் தவறான வெட்டு. உளி அளவுக்கு மீறி ஆழமாக இறங்குகிறது. ஐந்தாவதில் சரியான வெட்டு. இரண்டும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுபோல இருக்கும். எது சரி, எது தவறு என்று திரையில் குறியீடு எதுவும் இல்லை. ஆங்கிலக் குரல்தான் அதைச் சொல்கிறது. ஆங்கிலத்தில் மறுப்பு வாக்கியத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடும். தமிழில்?

"பட்டைக்கு உட்புறமுள்ள வளரும் அடுக்கைத் தொடும் அளவுக்கு ஆழமாக வெட்டக் கூடாது."

29 எழுத்து. 'கூடாது' என்ற சொல் 27ஆவது எழுத்தில் தொடங்குகிறது. அதாவது ஐந்து விநாடி கடந்த பிறகு. அதற்குள் நான்காம் காட்சி முடிந்து ஐந்தாம் காட்சி வந்துவிட்டது. விளைவைப் பாருங்கள். தவறான வெட்டைக் காட்டும்போது குரல் 'ஆழமாக வெட்ட' என்கிறது. சரியான வெட்டு திரையில் தோன்றும் அந்தக் கணத்தில் 'கூடாது' என்கிறது. மாணவன் நேர் எதிராகப் படித்துக்கொண்டு போகிறான். மொழிபெயர்ப்பில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. ஆனால் பாடம் தலைகீழாகிவிட்டது.

பட்டைக்கு உள்ளே இருக்கும் அந்த மெல்லிய அடுக்குதான் புதிய பட்டையை வளர்க்கிறது. அது காயப்பட்டால் பட்டை சீராக வளராமல் முண்டும் முடிச்சுமாகிவிடும். மறுபடி அந்த இடத்தில் பால் வெட்டுவது கடினம். ஆகவே இந்த எச்சரிக்கையில் தடுமாற்றம் கூடாது.

மருந்து, தீர்ப்பை முன்னால் கொண்டுவருவது:

"இது தவறு. ஆழம் மிஞ்சினால், வளரும் அடுக்கு காயப்படும்."

20 எழுத்து, நான்கு விநாடி. படம் தோன்றிய ஒன்றரை விநாடிக்குள் 'தவறு' என்ற சொல் முடிந்துவிடுகிறது. அடுத்த காட்சிக்கு, "இது சரி. பட்டை மட்டும் சீவப்படுகிறது" என்று தொடங்கினால் போதும். இனி ஒலியைப் பாதியில் வெட்டினாலும் தீர்ப்பு மாறாது. மின்சாரம், நெருப்பு, மருந்து, வேதிப்பொருள் பற்றிய எந்தப் பாடத்திலும் இந்த ஒரு விதியை மட்டுமாவது விடாமல் கடைப்பிடிக்க வேண்டும். 'கூடாது', 'இல்லை', 'வேண்டாம்' ஆகியவை வரும் ஒவ்வோர் இடத்திலும் நிறுத்தற்கடிகாரத்தை வைத்துப் பார்க்க வேண்டும்.

மும்பையில் நடந்த பெரிய முயற்சி

இப்படித் தனித்தனிப் படமாகச் செய்யும் வேலையைப் பெரிய அளவில், ஒழுங்கான முறையில் செய்து காட்டிய திட்டம் ஒன்று இந்தியாவில் இருக்கிறது. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் கண்ணன் மௌட்கல்யா தொடங்கி நடத்திய 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டம். இந்திய அரசு தகவல் தொழில்நுட்பத்தின் வழி கல்விக்கென 2009இல் தொடங்கிய தேசிய இயக்கம் இதற்கு நிதி தந்தது. கணினி மென்பொருள்களைக் கற்பிக்கும் படங்கள் இவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10 நிமிடம். தமிழ் உட்பட இந்திய மொழிகள் பலவற்றில் குரல் மாற்றிப் பதிவு செய்யப்பட்டுள்ளன.

அங்கே ஒரு கடுமையான நிபந்தனை உண்டு. மாற்றுவது குரலை மட்டும்தான். திரையில் ஓடும் படம் ஆங்கிலத்திலேயே இருக்கும். வேலைக்குப் போகும் இடத்தில் மாணவன் சந்திக்கப் போவது ஆங்கிலத் திரையைத்தான். ஆகவே கண் அதற்குப் பழகட்டும், காது தாய்மொழியில் புரிந்துகொள்ளட்டும் என்பதே அதன் நோக்கம்.

இதனால் இரண்டு பழக்கங்கள் உருவாயின. முதலாவது, நேரம் குறித்த வசனத்தாள். மூல ஆங்கிலக் குரல் பதிவானதும், எந்த விநாடியில் எந்த வாக்கியம் தொடங்குகிறது என்று இரண்டு பத்திகளில் எழுதி வைக்கிறார்கள். இடப்பத்தியில் 01:12 என நேரம், வலப்பத்தியில் வசனம். மொழிபெயர்ப்பாளர் அந்தத் தாளின் மேல்தான் வேலை செய்கிறார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எவ்வளவு இடம் உண்டு என்பது எழுதத் தொடங்குமுன்பே அவருக்குத் தெரியும்.

இரண்டாவது, திரையில் இருக்கும் சொல்லை அப்படியே சொல்வது. பட்டியலில் Save As என்று இருக்கிறது. அதைச் 'சேமி' என்று தமிழாக்கினால் அழகாக இருக்கும். ஆனால் மாணவன் திரையில் 'சேமி' என்ற சொல்லைத் தேடிக்கொண்டிருப்பான். அது அங்கே இல்லை. ஆகவே பொத்தானின் பெயர் ஆங்கிலத்தில், செய்ய வேண்டியது தமிழில். இங்கே தமிழின் வாக்கிய அமைப்பே கைகொடுக்கிறது. ஆங்கிலத்தில் 'அழுத்து' என்பது முன்னால் வந்து, பெயர் பின்னால் வரும். தமிழில் பெயர் முன்னால் வரும். சுட்டி அந்தப் பெயரைத் தொடுவதற்கு அரை விநாடி முன்பே காதில் பெயர் விழுந்துவிடுகிறது. கண் போய் அங்கே காத்திருக்கிறது. குரல் சற்று முந்தினால் கெடுதல் இல்லை. பிந்தினால்தான் கெடுதல். பட்டியல் அதற்குள் மூடிவிடும்.

அந்தத் திட்டத்திலிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய இன்னொன்று, மூல வசனத்தை எழுதும்போதே மொழிபெயர்ப்பை மனத்தில் வைத்திருப்பது. சிறு வாக்கியங்கள், நிதானமான வாசிப்பு. மூலம் மூச்சுவிடாமல் ஓடினால் எந்த மொழிபெயர்ப்பாளராலும் காப்பாற்ற முடியாது. பள்ளிகளும் சங்கங்களும் புதிதாகப் படம் எடுக்கும்போது காட்சிக்குக் காட்சி ஒரு விநாடி சும்மா விட்டு வைத்தாலே, பின்னால் எந்த மொழியில் குரல் கொடுப்பதும் எளிதாகிவிடும்.

நீண்டால் என்ன செய்வது?

எழுதி முடித்த பிறகும் வாக்கியம் நீளமாக இருந்தால் மருந்துகளை வரிசையாகக் கொடுக்க வேண்டும். முதலில், படத்தில் தெரிவதை நீக்குவது. அடுத்து, வாக்கியத்தை வெட்டி வரிசையை மாற்றுவது. 'பயன்படுத்தி', 'ஏற்படுத்துகிறார்', 'மேற்கொள்ளப்படுகிறது' போன்ற வீங்கிய வினைகளை 'கொண்டு', 'வெட்டுகிறார்', 'நடக்கிறது' எனச் சுருக்குவதும் இதில் அடங்கும். மூன்றாவதாக, பக்கத்துக் காட்சியில் மிச்சமிருக்கும் அமைதியைக் கடன் வாங்குவது. முந்தைய வசனம் சீக்கிரம் முடிந்திருந்தால் இந்த வசனத்தை அரை விநாடி முன்பே தொடங்கலாம். ஆனால் பெயர்ச்சொல் எதுவும் தனக்குரிய படத்துக்கு முன்னால் போய்விடக் கூடாது. மென்பொருள் படத்தில் முந்துவது பொத்தானைத் தேட உதவும். ரப்பர் படத்தில் முந்தினால் வேறு பொருளின் மேல் பெயர் ஒட்டிக்கொள்ளும். நான்காவதாக, படத்தொகுப்பாளர் சம்மதித்தால் கடைசிக் காட்சியை ஓரிரு விநாடி அசையாமல் நிறுத்தி வைப்பது. அசையும் உளியை நடுவில் நிறுத்துவது கண்ணுக்கு உறுத்தும். வரைபடத்தையும் எழுத்துப் பலகையையும் நிறுத்தினால் யாருக்கும் தெரியாது.

குறைந்தாலும் சிக்கல்தான் என்று சிலர் பயப்படுவார்கள். குரல் முடிந்து படம் இரண்டு விநாடி ஓடினால் அது குறையன்று. மாணவன் பார்ப்பதற்குக் கிடைத்த நேரம் அது. அந்த இடத்தை நிரப்புவதற்காக அலங்காரச் சொல் சேர்க்க வேண்டியதில்லை.

காது சொல்லும் தீர்ப்பு

கடைசியாகச் சோதனை. மொழிபெயர்த்தவரே சோதிக்கக் கூடாது. அவருக்கு மூலம் மனப்பாடம், அதனால் குறை தெரியாது. மும்பைத் திட்டத்தில் அந்தப் பாடத்தை அறியாத புதியவர் ஒருவரிடம் வசனத்தைக் கொடுத்துப் பார்க்கும் வழக்கம் உண்டு. மலாக்காவில் ஐந்தாம் ஆண்டு மாணவர் இருவர் போதும். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு குரலை மட்டும் கேட்கட்டும். எந்த இடத்தில் சொல் விழுங்கப்பட்டது, எங்கே மூச்சு முட்டியது என்று அவர் சொல்லிவிடுவார். மற்றவர் படத்தோடு கேட்டு, குரல் ஒரு பொருளின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் திரையில் அதை விரலால் தொட்டுக் காட்டட்டும். விரல் தடுமாறும் இடத்தில் சொல்லும் படமும் பிரிந்திருக்கின்றன. அந்த விநாடியைக் குறித்துக்கொண்டு, அந்த வாக்கியத்தை மட்டும் திருத்தினால் போதும்.

28 விநாடிப் படத்துக்கு நேர் மொழிபெயர்ப்பில் முதல் இரண்டு காட்சிகளுக்கே 109 எழுத்து வந்தது. திருத்திய பின் 43. பாதிக்கும் மேலே போய்விட்டது. போனதில் பாடம் எதுவும் இல்லை. திசையும் காரணமும் எச்சரிக்கையும் உரிய படத்தின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. மெர்லிமாவில் அந்தப் படத்தைப் பார்க்கும் பிள்ளை இனி இடம் எது, வலம் எது, எது தவறு என்று பிசகாமல் சொல்லும்.